தலைமையாசிரியரின் கோட்டுக்குள் போன கடிதம்

தலைமையாசிரியரின் கோட்டைப் பாழாக்கியது நான்தான். மழையின் மேலோ மிஷின் மேலோ பழியைப் போட்டுத் தப்பிக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு மழை பெய்யவில்லை. மிஷின் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு சலவைக் கடையில். துணி உள்ளே வந்ததும் முதல் வேலை, பைகளைத் துழாவுவது. பேனா, மிட்டாய், உதட்டுச் சாயம், ஒருமுறை ஒரு பல்செட். எது உள்ளே தங்கிவிட்டாலும் அந்தத் துணியோடு சேர்த்து இன்னும் நாலு துணி காலி. கடையின் முதலாளியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் ‘பையைப் பார்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். நான் பார்க்காமல் விட்ட பை கிடையாது. அன்றைக்கும் பார்த்தேன். தலைமையாசிரியரின் வெளிர்சாம்பல் கம்பளிக் கோட்டில் ஒரு சாக்பீஸ் துண்டும் கசங்கிய பஸ் டிக்கெட்டும் இருந்தன. எடுத்துத் தனி உறையில் போட்டேன். கோட்டைச் சலவை செய்து, உலர்த்தி, தேய்த்து முடித்தேன். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடது நெஞ்சின் உள்பக்கக் காலிப் பையில் நானே ஒரு கடிதத்தை வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். போகிற போக்கில் காலரைப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு சின்ன மடிப்பு. வேறு யார் கண்ணிலும் படாது. என் பெண்ணின் தலைமையாசிரியர் மடிப்பு விழுந்த காலரோடு பள்ளிக்கூடம் போவதா என்று எனக்கு ஒரு ரோஷம் வந்துவிட்டது. கோட்டை எடுத்து மாப்பிள்ளைக்கு மாட்டிவிட்டேன்.

மாப்பிள்ளை என்பது கோட்டு மாட்டும் பொம்மை. இடுப்புக்கு மேலே மட்டும் இருப்பார். சுவிட்சைத் தட்டினால் உள்ளே ஆவி ஏறி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விறைப்பாக நிற்பார். வேறு ஒரு வேலையும் செய்ய மாட்டார் என்பதால் அக்கா வைத்த பெயர் அது. மாப்பிள்ளை மூச்சை இழுத்து நிமிர்ந்தார். காலர் மடிப்பு போயிற்று. அவருடைய நெஞ்சில் மெதுவாக நீலம் பூத்தது.

கடிதத்தை ஜெல் பேனாவில் எழுதியிருந்தேன். பளிச்சென்று மரியாதையாக இருக்கட்டும் என்றுதான்.

இவ்வளவு சுற்றி வளைத்து ஒரு கடிதத்தைக் கொடுப்பானேன் என்று கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். நேரில் கொடுத்தால் அவர் அங்கேயே பிரித்து ஏதாவது கேட்பார், நான் அவருடைய மொழியில் திருதிருவென்று முழிப்பேன். பள்ளிக்கூட ஆபீஸில் கொடுத்தால் அங்கே இருக்கும் அம்மா ஒரு பெட்டியைக் காட்டுவார். அந்தப் பெட்டியைத் திறந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. பெண்ணிடம் கொடுத்து அனுப்பலாம் என்றால், கடிதமே அவளைப் பற்றியது. கோட்டுப் பையில் வைத்தால் மனுஷன் என்றைக்காவது ஒருநாள் பேனா தேடிக் கையை உள்ளே விடுவார், எடுப்பார், நிதானமாகப் படிப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கடிதத்துக்குக் காரணம், பள்ளிக்கூடத்திலிருந்து எங்களுக்கு வந்த ஒரு கடிதம். பாப்பாவுக்கு ஒன்பது வயது. நாலாவது படிக்கிறாள். பள்ளியில் எல்லாப் பாடமும் இந்த ஊர் மொழியில். எங்கள் வீட்டில் தமிழ். வாசிப்பில் அவள் பின்தங்கியிருக்கிறாள் என்று மதிப்பெண் அட்டையோடு ஒரு தாள் வந்தது. அதில் ஒரு வரி: ‘பிள்ளையின் முன்னேற்றத்துக்காக வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசுங்கள்.’ கீழே தலைமையாசிரியரின் கையெழுத்து.

படித்தவர் சொல்கிறார், நம் பிள்ளையின் நல்லதுக்குச் சொல்கிறார். மறுநாளே ஆரம்பித்துவிட்டோம்.

என் மனைவிக்கு வேலை ஆஸ்பத்திரி சமையற்கூடத்தில். அவளுக்குத் தெரிந்த பள்ளி மொழியெல்லாம் தட்டு, சூடு, உப்பு குறைச்சல், அடுத்தவர் வரலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் கறை, ரசீது, செவ்வாய்க்கிழமை. இரண்டு பேருடைய மொழியையும் ஒன்றாகப் போட்டால், கறை படிந்த தட்டைச் செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒரு குடும்பம் நடத்த முடியாது. சாப்பாட்டு நேரத்தில் ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் வாயைத் திறந்தால் பாப்பா திருத்தினாள். கொஞ்ச நாளில் திருத்துவதையும் விட்டுவிட்டாள்.

ஒருநாள் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நிலா ஏன் நம் கூடவே வருகிறது என்று பள்ளி மொழியில் கேட்டாள். பழைய நாளாக இருந்தால் அரை மணி நேரத்துக்கு அளந்திருப்பேன். அதுக்கு வேற வேலை இல்ல, நம்ம வீடு எங்கேன்னு வேவு பார்க்குது என்பேன். அவள் நம்பமாட்டாள். பஸ்ஸைத் திருப்பினால் என்ன ஆகும், பக்கத்துத் தெருக்காரர் கூடவும் வருகிறதே, அப்போது எத்தனை நிலா என்று மடக்குவாள். கடைசியில் தோற்றுப்போய் உண்மையைச் சொல்வேன். அன்றைக்குப் பள்ளி மொழியில் தேடித் தேடி ஒரே ஒரு சொல்தான் கிடைத்தது. “தூரம்” என்றேன். சரியான பதில்தான். அவளும் சரி என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். பேச்சு அந்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போய்விட்டது.

அடுத்த தேர்வு முடிந்து வகுப்பாசிரியை எழுதியிருந்தார்: சொற்களை உரக்கப் படிப்பதில் கொஞ்சம் முன்னேற்றம். ஆனால் படித்த கதையைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வதும், கேள்வி கேட்பதும் முன்பைவிடக் குறைந்திருக்கின்றன.

அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கதை சொல்லவும் கேள்வி கேட்கவும் அவள் பழகியது எங்கள் வீட்டில், தமிழில். அந்தக் கடையை நாங்களே இழுத்து மூடிவிட்டோம். இன்னொன்றும் உறைத்தது. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் என்னைக் கண்ணியமான ஆள் என்று சொல்ல மாட்டார்கள். வாயாடி, கிண்டல்காரன் என்பார்கள். பள்ளி மொழியிலோ நான் சரி, நன்றி, மன்னிக்கவும் என்று மட்டும் பேசுகிற உத்தமன். என் பெண் ஒரு உத்தமனுக்கு மகளாக வளர்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவை அவளுக்குத் தெரியாமலே போய்விடுமோ என்று பயம் வந்தது.

அந்தப் பயத்துக்கு ஆதாரம் கடையிலேயே இருந்தது. அக்காவின் மகன் வேறு ஊரில் பெரிய வேலையில் இருக்கிறான். அக்கா போனில் தமிழில் பேசுவார், அவன் பள்ளி மொழியில் பதில் சொல்வான். அவர் சொல்வது அவனுக்குப் புரியும், அவன் சொல்வது அவருக்குப் புரியும். சண்டை சச்சரவு கிடையாது. போன வருஷம் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது அவன் தினமும் போன் செய்தான்.

“நல்ல பையன் தம்பி. குறையே சொல்ல மாட்டேன்” என்றார் அக்கா. “பேசுவான், எல்லாம் புரியும். அர்த்தம் வந்துச்சு. ஆறுதல்தான் வரல.”

அன்றைக்கு ராத்திரி நாங்கள் மறுபடி தமிழுக்குத் திரும்பினோம். ஆனால் பாப்பா திரும்பவில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் பள்ளி மொழியில் பதில் சொல்வாள். அக்கா வீட்டுப் போன் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அவள் பள்ளி மொழியில் சொல்வதையெல்லாம் இங்கே நான் எழுத்துத் தமிழில் போடுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழும், நன்றாக இஸ்திரி போட்ட மாதிரி.

“ஏன் பாப்பா தமிழ்ல பதில் சொல்ல மாட்டேங்குற?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியவில்லை, அப்பா.”

மனைவியைக் கேட்டேன். “எல்லாம் அந்தப் பள்ளிக்கூடம் பண்ற வேலைதானே?”

“எல்லாத்துக்கும் பள்ளிக்கூடத்தைச் சொல்லாதீங்க.”

“வேற யாரைச் சொல்றது?”

“முகம் கழுவும்போது கண்ணாடியில பாருங்க” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போய்ப் பார்த்தேன். சவரம் செய்ய வேண்டியிருந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை.

தமிழை அவளுக்குப் பிடித்ததாக்க நானும் என்னாலானதைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அண்ணன் போன் செய்யும்போது அவளிடம் கொடுப்பேன். அதில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. அவளுக்கு ஏழு வயது. நான் போனில் என் கூட்டாளிகளிடம் பேசுவதைத் தினம் கேட்டுக்கொண்டிருந்தவள், போனில் ஆம்பளைகளிடம் இப்படித்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். அண்ணன் கூப்பிட்டதும் போனைப் பிடுங்கிக் கணீரென்று, “என்னடா பெரியப்பா, சாப்டியா?” என்றாள்.

அண்ணன் ரொம்பக் கறாரான ஆள். அவரை டா போட்டவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து வெகுகாலம். அந்தப் பக்கம் வீடே வெடித்துச் சிரித்தது. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவளுக்கு மரியாதையாகப் பேச யார் கற்றுக்கொடுத்தார்கள்? வீட்டில் இருப்பதே நானும் அவள் அம்மாவும். நாங்கள் அவளை வா, போ என்கிறோம். திரும்பி அதையேதான் சொல்வாள். இதை நான் அக்காவிடம் சொன்னேன், பஸ்ஸில் வரும் நண்பர்களிடம் சொன்னேன், கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி கையில் கிடைத்தபோது அதிலும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கைத்தட்டல். அண்ணனும் இன்றுவரை போனை எடுத்தவுடன், “எங்க, என்னை டா போடற ஆளு எங்க?” என்றுதான் ஆரம்பிப்பார். பாப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் பாத்ரூம் வரும்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். முதலில் தமிழில் எழுதினேன். அதை மொபைலில் போட்டுப் பள்ளி மொழிக்கு மாற்றி, அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து, கோலம் போடுகிற மாதிரி மூன்று பக்கத்துக்கு வரைந்தேன். அதில் நான் கேட்டது இவைதான். அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஒரு சொல் தெரியாமல் அவள் தடுமாறினால், தமிழில் யோசித்துவிட்டு வரக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அவளுக்கு எத்தனை சொல் தெரியும் என்று எண்ணும்போது இந்த மொழியில் உள்ளதை மட்டும் எண்ணாதீர்கள், வீட்டில் வைத்துவிட்டு வருவதும் அவளுடையதுதான். சனிக்கிழமை ஒரு வகுப்பறை கிடைத்தால் எங்களைப் போன்ற ஏழெட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து படிக்கவும் பேசவும் வைப்போம், வேறு பிள்ளைகளும் தமிழ் பேசுவதை அவள் காதால் கேட்பாள். கடைசியில் ஒரு பாரா இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அத்தனையும் இப்போது நீலக் கூழாகக் கோட்டுக்குள் இருந்தது.

உள்துணி தப்பிக்கவே இல்லை. அக்கா அதைப் பிரித்தெடுத்துப் புதிதாகத் தைத்தார். மேல்கம்பளியில் எனக்குத் தெரிந்த எல்லா வித்தையையும் காட்டினேன். சாதாரண மை என்றால் ஸ்பிரிட்டுக்கு மசியும். இது ஜெல், அதுவும் சூட்டில் வெந்த ஜெல். கடைசியில் இதயத்துக்கு நேராக ஒரு சட்டைப் பித்தான் அளவு நீலம் நின்றுவிட்டது.

“நான் வேணா சொல்லட்டுமா அவர்கிட்ட?” என்றார் அக்கா.

“வேணாம் அக்கா. நானே சொல்றேன்.”

“அதான் நல்லது. நானும் அதுக்குத்தான் கேட்டேன்” என்று பின்னறைக்குப் போய்விட்டார்.

தலைமையாசிரியர் சாயங்காலம் வந்தார். நெட்டையாக, ஒல்லியாக, எதையோ மறந்துவிட்டு வந்த முகத்தோடு. பள்ளி விட்டதும் பாப்பா நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் கோட்டைக் கொடுத்தேன், கறையைக் காட்டினேன். “கறை. நான். மன்னிக்கவும்” என்றேன். என் உத்தம மொழி.

அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். விரலால் நீலத்தைத் தொட்டார்.

“நான் ஆசிரியன். நெஞ்சில் மை இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்” என்றார். பிறகு, “எப்படி நடந்தது?”

“கடிதம்” என்றேன். “உங்களுக்கு. பையில்.”

“எனக்கா? என்ன எழுதியிருந்தீர்கள்?”

எந்த நிமிஷத்துக்குப் பயந்து கோட்டுப் பையைத் தேடினேனோ, அந்த நிமிஷம் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். கறை, ரசீது, செவ்வாய்க்கிழமை மூன்றும் வந்து வரிசையில் நின்றன.

அவர் என் திண்டாட்டத்தைப் பார்த்தார். அடுத்த வாரம் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைக்கிறேன், பள்ளிக்கு வாருங்கள், பேசுவோம் என்றார். அது எனக்குப் புரிந்தது. அதற்குள் பாப்பா, “நானே சொல்கிறேன் சார். கிளினிக்கில் அப்பாவுக்காக நான்தான் சொல்வேன்” என்றாள்.

“தெரியும். பெரியவர்கள் பேச்சைச் சிறுவர்கள் தலையில் ஏற்றக் கூடாது. அதனால்தான் சொன்னேன்.”

“எனக்கு அது பாரமில்லை.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், “எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம்” என்றார்.

அவளைப் பற்றி எழுதிய கடிதத்தை அவள் வாயாலேயே சொல்ல வைக்கக் கூடாது என்றுதான் இத்தனை பாடும் பட்டேன். இப்போது அதுவே நடந்தது. நான் தமிழில் சொன்னேன். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றையும் தேய்த்து மடித்துப் பள்ளி மொழியில் வைத்தாள். அந்த வரி. தடுமாறினால் நேரம். சொல் எண்ணிக்கை. சனிக்கிழமை வகுப்பறை. வீட்டில் மொழியை மாற்றிய கதையைச் சொல்லும்போது பழக்க தோஷத்தில், கறை படிந்த தட்டைச் செவ்வாய்க்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிவிட்டேன். அவள் மொழிபெயர்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பாப்பா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவளாகவே கூடுதலாக இரண்டு வாக்கியம் சொன்னாள். அம்மா என்னிடம் கோபப்பட்டபோதும் ‘அடுத்தவர் வரலாம்’ என்றுதான் சொன்னாள் என்று.

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாக என் ஜோக்குக்கு வேறொருவர் கைத்தட்டல் வாங்கியிருந்தார். என் ஜோக் எங்கே இடிக்கிறது, எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் இத்தனை நாளும் நான் சொன்னது ஒன்றுகூடச் சிந்தாமல் அவளுக்குள் போயிருக்கிறது. உள்ளே எல்லாம் இருந்தது. வெளியேதான் வரவில்லை.

அந்தத் தைரியத்தில் கடைசிப் பாராவையும் சொன்னேன். “என் பொண்ணுக்குத் தமிழ் பேச வெட்கம். அந்த வெட்கத்தைக் கொடுத்தது உங்க பள்ளிக்கூடம். அதை நீங்கதான் திருப்பி எடுத்துக்கணும்.”

பாப்பா பென்சிலை உருட்டினாள். உருட்டிக்கொண்டே, “அவ்வளவுதான் என்கிறார்” என்றாள்.

அவள் பேச மாட்டாளே தவிர அவளுக்குத் தமிழ் புரியும் என்பது போல, நான் பேச மாட்டேனே தவிர பள்ளி மொழி எனக்குப் புரியும்.

“நான் அவ்வளவுதான்னு சொல்லலையே பாப்பா.”

தலைமையாசிரியர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“அந்த வரி எனக்கு முன்பே அந்தத் தாளில் இருந்தது. வருடா வருடம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறேன். நல்ல எண்ணத்தில் யாரோ எழுதியது. ஆனால் தவறு. எங்கள் தேர்வு ஒரு மொழியை மட்டும் பார்க்கிறது. இரண்டு பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருக்கும் பிள்ளையிடம் ஒன்றை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, குறைவாக இருக்கிறது என்கிறோம்.” பாப்பாவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஒன்று கேட்கலாமா? இவள் உங்களுக்குத் தமிழில் பதில் சொல்வதை எப்போது நிறுத்தினாள்?”

பாப்பா அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இல்லை. தாள் வந்த பிறகு என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்கு வெகுநாள் முன்பே அவள் மாறியிருந்தது அப்போதுதான் உறைத்தது. இரண்டாம் வகுப்பு. ஏழு வயது. இரண்டு விரலைக் காட்டினேன்.

“எங்கள் தாள் இந்த வருடம்தான் உங்களுக்கு வந்தது” என்றார். “நாங்கள் அதை மோசமாக்கியிருக்கிறோம். தொடங்கி வைத்தது நாங்கள் இல்லையோ என்று தோன்றுகிறது.”

“அப்ப யாரு?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை போலிருக்கிறது. “பல காரணங்கள் இருக்கலாம்” என்றார். படித்தவர்களின் பதில். சனிக்கிழமை வகுப்பறை என்ன ஆச்சு என்று பாப்பாவைக் கேட்கச் சொன்னேன். காவலாளி வர வேண்டும், சாவி வேண்டும், பார்க்கலாம் என்றார். எந்த மொழியில் சொன்னாலும் பார்க்கலாம் என்பதற்கு ஒரே முகம்தான்.

“வரியை எடுத்துவிடுகிறேன். அது என் கையில் இருக்கிறது. அதற்குப் பதிலாகப் பெற்றோருக்கு என்ன எழுதலாம்?”

நான் பாப்பாவிடம் சொன்னேன். “எந்த மொழியில பிள்ளைய சிரிக்க வைக்க முடியுதோ, அந்த மொழியில பேசச் சொல்லுங்க.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். விசித்திரமான பார்வை. பிறகு மொழிபெயர்த்தாள். அவர் ரசீதின் பின்பக்கம் அதைக் குறித்துக்கொண்டு, நீலப் பித்தான் தெரிய, குளிரில் இறங்கிப் போனார்.

கதவு சாத்திய கையோடு என் போன் அடித்தது. அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. பாப்பா முக்காலியிலிருந்து இறங்கிவிட்டாள்.

“எங்க போற?”

“கழிப்பறைக்கு.”

“வந்த உடனே போயிட்டுத்தானே வந்த?”

அவள் நின்றாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் அண்ணனின் படம், எடுத்தவுடன் என்ன சொல்வார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. காட்டிய இரண்டு விரலையும் நான் இன்னும் மடக்காமல் வைத்திருந்தேன். கண்ணாடியில் பார்க்கச் சொன்னாளே என் மனைவி, அந்தக் கண்ணாடி கடைச் சுவரிலும் ஒன்று இருந்தது. தலைமையாசிரியர் பார்த்துவிட்டுப் போன அதே கண்ணாடி. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அதே விறைப்போடு ஒருத்தன் தெரிந்தான்.

போனை எடுக்கவில்லை. அதை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். அடித்து ஓய்ந்தது.

“பாப்பா. ஏன் என்கிட்ட தமிழ்ல பேச மாட்டேங்குற?”

“எனக்குத் தெரியவில்லை.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். நாக்கு நுனிவரைக்கும் ஒன்று வந்தும் விட்டது, சுமாரானது இல்லை, நல்ல ஜோக். முழுங்கினேன். நான் முழுங்கிய முதல் ஜோக் அதுவாகத்தான் இருக்கும். தொண்டையில் பல்செட் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பின்னறையில் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையின் வயிற்றிலிருந்து மிச்சம் இருந்த ஆவி மெல்லப் புஸ்ஸென்று இறங்கியது. நான் தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன்.

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று துழாவுகிற மாதிரி, ஒரு பை விடாமல் பார்த்தாள். இல்லை என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“நான் தமிழ் பேசினா நீ பெரியப்பாகிட்ட சொல்லுவ. பெரியப்பா எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நீதான் ரொம்ப நேரம் சிரிப்ப. அதனாலதான் பேசல.”